ஐந்து பகடை, ஒரே உருட்டு: அந்த 246 எங்கிருந்து வருகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கரண்ட் இல்லை, வெளியே போக முடியாத வெயில். அக்கா மகன் ஐந்து பகடைகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, பாயில் கவிழ்த்தான். 3, 6, 2, 5, 4. "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிக்கொண்டே அள்ளப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, பகடைகளைத் தள்ளித் தள்ளி வரிசையாக வைத்துக் காட்டினேன்: 2, 3, 4, 5, 6. ஒரே உருட்டில் பெரிய வரிசை! பத்து நொடி குதித்துவிட்டு, அப்புறம் அவன் கேட்டான், "இது எத்தனை தடவைக்கு ஒரு தடவை விழும்? அஞ்சும் ஒரே நம்பரா விழுறதையும் சேர்த்தா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விழக்கூடிய 7776 விதத்தில் 246. சதவீதத்தில் 3.16, அதாவது சராசரியாக 32 உருட்டுக்கு ஒன்று. இந்த எண்ணுக்குக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு எப்படிப் போய்ச் சேருவது என்று பார்ப்போம். கூடவே, கிட்டத்தட்ட இதே விடையைத் தருகிற ஒரு தப்பான வழியும் இருக்கிறது. நான் அதில் ஒருமுறை நன்றாகவே ஏமாந்திருக்கிறேன், அதனால் அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதலில், கேள்வி என்ன என்று முடிவு செய்யுங்கள்

யாட்ஸி என்ற பகடை ஆட்டத்தை விளையாடியவர்களுக்குப் பெரிய வரிசை என்ற பெயர் தெரிந்திருக்கும். எட்வின் லோ என்பவர் 1956-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய ஆட்டம் அது. ஐந்து பகடை, நிரப்ப வேண்டிய 13 கட்டங்கள், ஒவ்வொரு முறையும் மூன்று தடவை வரை உருட்டலாம், பிடித்த பகடைகளை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மறுபடி போடலாம். ஐந்தும் தொடர்ச்சியாக வந்தால் பெரிய வரிசை, 40 புள்ளி. ஐந்தும் ஒரே எண்ணாக வந்தால் அதுதான் யாட்ஸி, 50 புள்ளி.

நாம் கணக்கிடப் போவது முதல் உருட்டை மட்டும். மறுபடி போடுவது, வைத்துக்கொள்வது எதுவும் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் யாட்ஸி விழ 4.6 சதவீதம் வாய்ப்பு என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். அது தப்பில்லை, ஆனால் யாட்ஸியையே குறிவைத்து மூன்று தடவையும் உருட்டினால் வரும் எண் அது. ஒரே உருட்டுக்கான எண் அதைவிடப் பல மடங்கு சின்னது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும், கேள்விதான் வேறு வேறு.

அடுத்து, பெரிய வரிசை என்றால் எது? யாட்ஸியில் இரண்டு உண்டு: 1-2-3-4-5, 2-3-4-5-6. அவ்வளவுதான். 6-க்கு அப்புறம் சுற்றிவந்து 1 என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதனால் 3-4-5-6-1 வரிசை ஆகாது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதற்கு யாட்ஸி என்றே ஒலிக்கும் ஒரு தம்பி ஆட்டம் இருக்கிறது, அங்கே 1-இலிருந்து 5 வரை வந்தால் அது சின்ன வரிசை, 2-இலிருந்து 6 வரை வந்தால் மட்டும்தான் பெரிய வரிசை. அந்த விதிப்படி கணக்குப் போட்டால் விடை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆக, எந்த ஆட்டம் என்று சொல்லாமல் கணக்கைத் தொடங்கவே கூடாது. இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க விதி.

மொத்தம் எத்தனை விதமாக விழலாம்?

ஒரு பகடைக்கு ஆறு முகம். ஐந்து பகடைக்கு 6 × 6 × 6 × 6 × 6 = 7776. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் கூறுவெளி என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஐந்து பகடையும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கின்றன, எது எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, அப்படி இருக்க எப்படித் தனித்தனியாக எண்ணுவது? வழி சுலபம். மனதுக்குள் வண்ணம் பூசிக்கொள்ளுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை. வண்ணம் பூசுவதால் பகடை உருளும் விதம் மாறிவிடாது, ஆனால் எண்ணுகிற நமக்கு எது எது என்று தெரிந்துவிடும். சிவப்பில் 1, பச்சையில் 2 விழுவது ஒரு நிகழ்வு, சிவப்பில் 2, பச்சையில் 1 விழுவது வேறொரு நிகழ்வு. ஐந்தையும் ஒன்றாகக் கவிழ்த்தாலும், ஒரே பகடையை ஐந்து தடவை போட்டு எழுதிக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான்.

இதில் சந்தேகம் இருந்தால் தாயக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1, 2, 3, அப்புறம் ஒன்றுமில்லாத பக்கம். மொத்தம் 16 விதம். தாயம் விழ ஒன்றில் 1, மற்றதில் வெறும் பக்கம் வர வேண்டும். எந்தக் கட்டையில் 1 வந்தாலும் சரி, ஆக 16-இல் 2. பன்னிரண்டு விழ இரண்டுமே வெறும் பக்கமாக வர வேண்டும், அதற்கு ஒரே ஒரு வழி, 16-இல் 1. தாயம் பன்னிரண்டைப் போல் இரண்டு மடங்கு விழும் என்பது விளையாடியவர் கைக்கே தெரியும். (தாயம் விழாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள், எனக்குப் புரிகிறது.) இரண்டு கட்டையும் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்காகத் தாயத்தை ஒரே வழியாக எண்ணியிருந்தால், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று தப்பாகச் சொல்லியிருப்போம். பகடையிலும் இதே கதைதான், ஐந்து பகடை என்பதால் இன்னும் பெரிதாக.

பெரிய வரிசையை எண்ணுவது

1-2-3-4-5 ஐ மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். சிவப்புப் பகடை இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம், 5 வழி. பச்சைக்கு மிச்சம் இருக்கும் நாலில் ஒன்று, 4 வழி. நீலத்துக்கு 3, மஞ்சளுக்கு 2, கடைசி வெள்ளைக்கு மிஞ்சிய ஒன்று. 5 × 4 × 3 × 2 × 1 = 120. அக்கா மகன் போட்ட 3, 6, 2, 5, 4 கூட, 2-இலிருந்து 6 வரையான வரிசைக்கான 120 வழிகளில் ஒன்றுதான். ஒழுங்காக 2, 3, 4, 5, 6 என்று இடமிருந்து வலமாக விழுந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தால், 120-இல் 119 தடவை கண்ணில் படாமலே போய்விடும்.

வரிசை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 120 வழி, ஆக 240.

ஒரு எண்ணை ஒரே வழியில் கண்டுபிடித்துவிட்டு நம்புவது எனக்குப் பிடிக்காது, அதனால் வேறு பக்கத்திலிருந்தும் பார்த்துவிடலாம். ஐந்து பகடையும் வெவ்வேறு எண்ணாக விழ எத்தனை வழி? முதலாவதுக்கு 6, அடுத்ததுக்கு 5, அப்படியே 4, 3, 2. பெருக்கினால் 720. ஐந்தும் வெவ்வேறு என்றால் ஆறு எண்களில் சரியாக ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கும். எது விட்டுப்போகும் என்பதில் எந்த எண்ணுக்கும் தனிச்சலுகை கிடையாது. 6 விட்டுப்போனால் 1-2-3-4-5, 1 விட்டுப்போனால் 2-3-4-5-6. மற்ற நாலில் எது விட்டுப்போனாலும் நடுவில் ஓட்டை விழுந்துவிடும், வரிசை ஆகாது. ஆக ஆறில் இரண்டு, 720-இல் மூன்றில் ஒரு பங்கு, 240. இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்துவிட்டது.

விளையாடும்போது இந்த இரண்டாவது வழி கைக்கும் உதவும். ஐந்தும் வெவ்வேறா என்று முதலில் பாருங்கள், அப்படியானால் எது இல்லை என்று மட்டும் தேடுங்கள். இல்லாதது 1 அல்லது 6 என்றால் வரிசை. அள்ளுவதற்கு முன் ஒரு நொடிதான் ஆகும்.

240-ஐ 7776-ஆல் வகுத்தால் 3.09 சதவீதம்.

ஐந்தும் ஒன்று

இது சுருக்கம். ஐந்தும் 1, ஐந்தும் 2, இப்படி ஆறு. எந்தப் பகடையில் எது என்ற கேள்விக்கே இடமில்லை, எல்லாம் ஒன்றுதான், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே வழி. மொத்தம் 6. இன்னொரு பக்கத்திலிருந்து: முதல் பகடை எது வேண்டுமானாலும் விழட்டும், மற்ற நாலும் அதையே பின்பற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒரு வாய்ப்பு, 6 × 6 × 6 × 6 = 1296, ஆக 1296-இல் 1. 7776-இல் 6 என்பதும் அதேதான். சதவீதத்தில் 0.077.

அதாவது ஒரே உருட்டில் பெரிய வரிசை, ஐந்தும் ஒன்றைப் போல் 40 மடங்கு அதிகமாக விழும். புள்ளியிலோ 40-க்கு 50 என்று பத்துதான் வித்தியாசம். மறு உருட்டு அனுமதி இருப்பதால்தான் அந்தப் புள்ளிக்கு ஒரு நியாயம் வருகிறது, மூன்று 4 விழுந்தால் அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை மட்டும் துரத்தலாமே. ஒரே உருட்டு மட்டும் என்று ஆட்டம் வைத்தால் இந்தப் புள்ளி அநியாயம்.

இரண்டையும் கூட்டலாமா?

கூட்டலாம், ஏனென்றால் ஒரே உருட்டு இரண்டுமாக இருக்க முடியாது. ஐந்தும் வெவ்வேறாக இருக்கிற ஒன்று, ஐந்தும் ஒன்றாகவும் இருப்பது எப்படி? ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது இதைத்தான். 240 + 6 = 246. சுருக்கினால் 41/1296, 3.16 சதவீதம்.

எப்போது கூட்டக் கூடாது என்பதற்கும் இதே ஆட்டத்தில் உதாரணம் கிடைக்கும். அமெரிக்க விதியில் சின்ன வரிசை என்பது தொடர்ச்சியாக நாலு எண் இருந்தால் போதும் என்பது. அதற்கு 1200 வழி. "சின்ன வரிசை அல்லது பெரிய வரிசை" விழ எத்தனை என்று கேட்டால் 1200 + 240 என்று கை தானாகப் போகும். ஆனால் ஐந்து தொடர்ச்சியாக இருந்தால் அதற்குள் நாலும் தொடர்ச்சியாக இருக்கும், அந்த 240 ஏற்கெனவே 1200-க்குள் உட்கார்ந்திருக்கிறது. விடை 1200-தான், 1440 இல்லை.

நான் ஏமாந்த இடம்

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எனக்கு வண்ணப் பகடை யோசனை எல்லாம் கிடையாது. ஒரு நோட்டில் என்னென்ன விழலாம் என்று பட்டியல் எழுதினேன். 11111, 11112, 11113 என்று தொடங்கி, சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணாக அடுக்கி, எதுவும் விடுபடாமல், எதுவும் இரண்டு தடவை வராமல், 66666 வரை. மொத்தம் 252 வரி வந்தது. அதில் நமக்கு வேண்டியது எத்தனை? பெரிய வரிசை இரண்டு, ஐந்தும் ஒன்று ஆறு, ஆக எட்டு. 252-க்கு 8, வகுத்தால் 3.17 சதவீதம்.

சரியான விடை 3.16. என்னுடையது 3.17. பக்கத்தில் யாரோ 3.16 என்று சொன்னபோது, தசமத்தை முழுமையாக்கியதில் வந்த வித்தியாசம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, நோட்டை மூடி வைத்துவிட்டேன். ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கம்.

அது தப்பு என்று தெரிந்தது எப்போது என்றால், இரண்டையும் பிரித்துக் கேட்டபோது. என் பட்டியல்படி பெரிய வரிசை 252-க்கு 2, அதாவது 0.79 சதவீதம். ஐந்தும் ஒன்று 252-க்கு 6, 2.38 சதவீதம். பெரிய வரிசையைவிட யாட்ஸி மூன்று மடங்கு அதிகம் விழும் என்கிறது என் நோட்டு! ஒரு வாரம் விளையாடிய குழந்தைகூடச் சிரிக்கும். உண்மையில் 40 மடங்கு குறைவு.

தப்பு எங்கே என்றால், அந்த 252 வரியும் சம எடை இல்லை. 11111 என்ற வரிக்கு 7776-இல் ஒரே ஒரு இடம். 11112 என்ற வரிக்கு ஐந்து இடம், ஏனென்றால் அந்த 2 ஐந்து பகடையில் எதில் வேண்டுமானாலும் வரலாம். 12345 என்ற வரிக்கு 120 இடம். ஆனால் நோட்டில் மூன்றும் ஒவ்வொரு வரியாகத்தான் இருக்கின்றன. 120 பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் வீட்டுக்கொரு ஓட்டு என்று கொடுத்த மாதிரி.

அப்படியானால் கூட்டுத்தொகை மட்டும் எப்படி ஒத்துப்போனது? இது சுத்தமான தற்செயல். 7776-ஐ 252 வரிக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு வரிக்குச் சராசரியாக 30.86 வரும். நம்முடைய எட்டு வரிக்கும் சேர்த்து 246, எட்டால் வகுத்தால் 30.75. 120 எடையுள்ள இரண்டு வரியும், 1 எடையுள்ள ஆறு வரியும் சேர்ந்து, சராசரியை ஒட்டியே வந்து நின்றுவிட்டன. ஒரு பக்கம் குறைத்த அளவை மறுபக்கம் கூட்டிவிட்டது, அவ்வளவுதான்.

தற்செயலா இல்லையா என்று சோதிக்க ஒரு வழி, கேள்வியைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது. மேலே சொன்ன ஸ்காண்டிநேவிய விதியை எடுத்துக்கொள்வோம், 2-இலிருந்து 6 வரை மட்டும்தான் பெரிய வரிசை. சரியான கணக்கில் 120 + 6 = 126, அதை 7776-ஆல் வகுத்தால் 1.62 சதவீதம். நோட்டுக் கணக்கில் 252-க்கு 7, அது 2.78 சதவீதம். ஒத்துப்போவது உடனே உடைந்துவிட்டது. அதனால் யாராவது 252 வழியில் உங்களுக்கு விடை சொன்னால், விடையோடு மல்லுக்கட்ட வேண்டாம், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தத் தப்பு ரொம்பப் பழையது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ பகடையைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். மூன்று பகடையை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வருவதற்கும் ஆறு சேர்க்கை, 10 வருவதற்கும் ஆறு சேர்க்கை, ஆனால் சூதாடிகள் 10-தான் சற்று அதிகம் விழுகிறது என்கிறார்களே, ஏன்? என்பதுதான் அதில் இருந்த கேள்வி. அவர் ஒவ்வொரு சேர்க்கையின் எடையையும் எண்ணினார். 9-க்கு 216-இல் 25, 10-க்கு 27. 9-இன் பட்டியலில் 3-3-3 இருக்கிறது, அதற்கு ஒரே வழிதான், 10-இன் பட்டியலில் அப்படி மெலிந்த சேர்க்கை எதுவும் இல்லை. அங்கே 3-3-3 செய்த வேலையைத்தான் என் நோட்டில் 11111 செய்தது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை உருட்டி உருட்டியே கண்டுபிடித்த சூதாடிகளை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

கணினியில் சரிபார்ப்பது

பைத்தான் இருந்தால் 7776-ஐயும் ஒரு நொடிக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

```python
from itertools import product

straight = same = 0
for v in product(range(1, 7), repeat=5):
    n = len(set(v))
    if n == 1:
        same += 1
    elif n == 5 and max(v) - min(v) == 4:
        straight += 1

print(straight, same, straight + same)
```

`240 6 246` என்று வர வேண்டும். வெவ்வேறு எண்கள் ஐந்து இருந்து, பெரியதுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம் 4 என்றால் அது வரிசை, அதைத்தான் `elif` வரி பார்க்கிறது. உங்களுக்கு `2 6 8` வந்தால் `product(range(1, 7), repeat=5)`-க்குப் பதில் `combinations_with_replacement(range(1, 7), 5)` போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அது என் பழைய நோட்டேதான், பைத்தானில் எழுதியது. `n == 5` என்ற நிபந்தனையை விட்டுவிட்டாலும் எண் தாறுமாறாக ஏறும், 1, 1, 3, 5, 5 மாதிரி உருட்டெல்லாம் வரிசை என்று உள்ளே வந்துவிடும்.

பாயில் சரிபார்ப்பது

கையால் உருட்டிச் சரிபார்க்கலாமா என்றால், பார்க்கலாம், ஆனால் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். 100 உருட்டில் சராசரியாக மூன்று தடவை விழ வேண்டும். ஆனால் நூறிலும் ஒன்றுகூட விழாமல் போக 4 சதவீதம் வாய்ப்பு உண்டு, ஆறு ஏழு விழுந்தாலும் அதிசயம் இல்லை. நூறு உருட்டை வைத்துக்கொண்டு கணக்கு சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் வரிசையையும் யாட்ஸியையும் தனித்தனிப் பத்தியாகக் குறித்துக்கொண்டே வந்தால், எது அதிகம் என்பது மட்டும் சீக்கிரமே தெரிந்துவிடும், என் நோட்டை மறுக்க அதுவே போதும்.

இன்னொரு தப்பான எண்ணம்: 32 உருட்டுக்கு ஒன்று என்றால் 32 உருட்டினால் கட்டாயம் ஒன்று விழும் என்பது. அப்படி இல்லை. ஒவ்வொரு உருட்டிலும் விழாமல் போக 1296-இல் 1255 வாய்ப்பு. உருட்ட உருட்ட இதையே தொடர்ந்து பெருக்கிக்கொண்டு போனால், 22-ஆவது உருட்டில்தான், ஒருமுறையாவது விழுந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டுகிறது. ஒரு முழு ஆட்டத்தில் உங்கள் முறை 13 தடவை வரும், ஒவ்வொன்றிலும் ஒரு முதல் உருட்டு. அந்த 13-இல் ஒன்றிலாவது இரண்டில் ஏதாவது விழ 34 சதவீதம், மூன்று ஆட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தும் ஒன்று மட்டும் வேண்டும் என்றால் சராசரியே 1296 உருட்டு. உருட்டி, பார்த்து, அள்ள ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி என்றாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல், அதற்கப்புறமும் ஒருமுறைகூட விழாமல் இருக்க 37 சதவீதம் வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த எண்கள் எல்லாம் ஆறு முகமும் சமமாக விழும் பகடைக்குத்தான். புள்ளிக்காகக் குழி தோண்டிய மலிவுப் பகடை, ஓரம் தேய்ந்த பகடை எல்லாம் சற்றே ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கற்பனைப் பகடையை வைத்துப் பார்ப்போம்: ஐந்து பகடையிலும் 6 மட்டும் 20 சதவீதம் விழுகிறது, மற்ற ஐந்து எண்ணும் தலா 16. ஐந்தும் ஒன்று விழும் வாய்ப்பு 0.077-இலிருந்து 0.084 சதவீதமாக ஏறுகிறது. பெரிய வரிசையோ 3.09-இலிருந்து 2.83-க்கு இறங்குகிறது. ஒரு முகத்துக்குச் சலுகை கொடுத்தால் ஒரே மாதிரி விழுவது கூடுகிறது, எல்லாரும் ஆளுக்கொருவராக வந்தாக வேண்டிய வரிசை அடிபடுகிறது. இரண்டும் சேர்ந்து 2.92. ஒரு பகடை மேல் சந்தேகம் இருந்தால் அதை மட்டும் தனியாக சில நூறு தடவை உருட்டி, ஒவ்வொரு முகமும் எத்தனை தடவை வந்தது என்று எழுதிப் பாருங்கள், ஐந்தையும் சேர்த்து உருட்டி இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

அக்கா மகன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுக் கணக்கு வைத்திருக்கிறான். வரிசைப் பத்தியில் இதுவரை நாலு கோடு. பக்கத்துப் பத்தி இன்னும் காலி.